இரவு ரயிலில் 35-ஆம் எண் படுக்கை

சென்னை எழும்பூரிலிருந்து மதுரைக்கு இரவு ரயிலில் தனியாகச் செல்ல முடிவானதும் நான் முதலில் பார்த்தது, ரயில் புறப்படும் நேரத்தை அல்ல, சேரும் நேரத்தை. அதிகாலை மூன்று மணிக்கு இறக்கிவிடும் ரயிலைவிட, விடியும் வேளையில் சேரும் ரயிலே மேல் என்பது என் கணிப்பு.

முன்பதிவில் மகளிர் ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுத்தேன். நெடுந்தூர விரைவு ரயில்களின் ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்கென ஆறு படுக்கைகள் ஒதுக்கப்படுகின்றன. வயது வரம்பு கிடையாது. படுக்கை எண்ணை நாம் தேர்ந்தெடுக்க இயலாது, விருப்பத்தை மட்டும் தெரிவிக்கலாம். நான் மேல் படுக்கை கேட்டேன், 35 கிடைத்தது. எட்டெட்டாகப் பிரியும் வரிசையில் எட்டால் வகுத்து மீதி 3 அல்லது 6 வந்தால் அது மேல் படுக்கை. மீதி 7 வந்தால் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கை. நடைபாதையை ஒட்டிய அந்தப் படுக்கையின் கால்மாட்டில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்துவிடலாம் என்பதால், ஜன்னல் காற்றுக்காகக்கூட அதை நான் கேட்பதில்லை. 35 பெட்டியின் நடுப்பகுதியில் இருந்ததால் கதவுகளின் அருகே நடக்கும் நடமாட்டமும் எட்டவில்லை.

விழுப்புரம் தாண்டியபின், முன்பதிவு இல்லாத ஒருவர் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு என்னையே பார்த்தபடி பேச்சுக் கொடுக்கத் தொடங்கினார். கீழ்ப்படுக்கையில் படுத்திருந்த வயதான ஓர் அம்மாவை எழுப்பி, "இவரை எனக்குத் தெரியாது, கொஞ்சம் பாருங்கம்மா" என்று உரக்கச் சொன்னேன். டிக்கெட் பரிசோதகர் அருகில் இல்லாததால் ரயில்வே உதவி எண் 139-ஐ அழைத்தேன். மொழியைத் தேர்ந்து, பாதுகாப்புக்கான 1-ஐ அழுத்தினால் பணியாளர் பேசுகிறார். அவர் கேட்பது பி.என்.ஆர் எண், பெட்டி எண், படுக்கை எண் ஆகியவைதான். பதற்றத்தில் பத்து இலக்கங்கள் நினைவுக்கு வராது என்பதால் அவற்றை ஏறும்போதே தாளில் எழுதிக் கையோடு வைத்துக்கொள்வது என் வழக்கம். அந்த மனிதர் அழைப்பைக் கேட்டதுமே நகர்ந்துவிட்டார், என்றாலும் விருத்தாசலத்தில் காவலர்கள் ஏறி விசாரித்தார்கள்.

139-க்கு ஓர் எல்லை உண்டு: ரயிலிலேயே காவலர்கள் பணியில் இல்லையென்றால், உதவி அடுத்த நிறுத்தத்தில்தான் வந்து சேரும், இடையில் சிக்னல் இல்லாத பகுதிகளும் வரும். அந்த இடைவெளியைக் கடக்க உதவுவது படுக்கையின் இடமும் பக்கத்தில் இருப்பவர்களுமே. ஆகவே ஏறியவுடன் அருகிலுள்ள குடும்பத்தினரிடம் நாலு வார்த்தை பேசிவைப்பதை நான் சம்பிரதாயமாகக் கருதுவதில்லை. உடனடி ஆபத்து என்றால் அபாயச் சங்கிலி இருக்கிறது, ஆனால் ஆளில்லா இடத்தில் ரயிலை நிறுத்துவதைவிட, நிலையம் நெருங்கும்வரை ஆட்கள் நடுவே இருப்பது பெரும்பாலும் நல்லது.

மதுரையில் இறங்கியபோது இன்னும் இருட்டு விலகவில்லை. வெளியே வண்டி தேடாமல், விளக்கெரியும் நடைமேடை வழியாக மகளிர் காத்திருப்பு அறைக்குச் சென்று, நன்றாக வெளிச்சம் வந்தபின் என்னை அழைத்துப்போக வந்த உறவினரைத் தொலைபேசியில் உறுதிசெய்துகொண்டுதான் நிலையத்தை விட்டுக் கிளம்பினேன்.