சத்து மாத்திரை

"கோத்தகிரியில 91 நார்மல்தான் சிஸ்டர். ஆக்ஸிஜன் வேணும்னா ரெண்டு லிட்டர் வைங்க, பத்து மணி டோஸ் போடுங்க."

டியூட்டி டாக்டர் அன்றிரவு போனில் சொன்னது இது. அவர் சொன்னதில் பாதி சரி என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். விரலில் மாட்டும் கருவியில் ரத்த ஆக்ஸிஜன் அளவு சமவெளியில் 98 காட்டுகிறவருக்கு இங்கே 95 காட்டும். காலமெல்லாம் விறகடுப்புப் புகையில் சமைத்த பாட்டிக்கு இன்னும் குறையலாம். அந்த எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் நானும் பயந்திருக்க மாட்டேன்.

என் பயமெல்லாம் அவருடைய மூச்சில்தான் இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணினேன், ஒன்பது. நடுவே குறட்டை, அப்புறம் ஒரு நிறுத்தம், பிறகு ஒரு பெரிய இழுப்பு. தோளைத் தட்டி "பாட்டி" என்றால் கண்ணைத் திறந்தார். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் "சாப்…" என்பதோடு மறுபடி தூங்கிப் போனார். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மகனுக்கு என்மேல் கோபம். "ரெண்டு நாளா வலியில கண்ணே மூடல சிஸ்டர். இப்பதான் அசந்து தூங்குது. ஏன் எழுப்புறீங்க?"

அவர் கேட்டதும் நியாயம்தான்.

பாட்டிக்கு 72 வயது. இலங்கையிலிருந்து வந்து அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயின் லைன் வீட்டில் குடியேறிய குடும்பம், உடம்பு 45 கிலோ. இடுப்பு எலும்பு முறிந்து கோவையில் ஆபரேஷன் முடிந்து, தையலில் நீர் கசிகிறது என்று எங்களிடம் வந்து சேர்ந்தார். கோவையில் எழுதிக் கொடுத்ததையே கேஸ் ஷீட்டில் தொடர்ந்திருந்தார்கள்: ஓபியாய்டு என்கிற அபின் வகை வலி மருந்தான டிரமடால் 50 மூன்று வேளை, நரம்பு வலிக்கான பிரிகாபலின் 75 இரண்டு வேளை. இதைப் போல எத்தனையோ சீட்டு பார்த்திருக்கிறேன். இந்த இரண்டும் சேர்ந்தால் தூக்கம் கூடும் என்று தெரியும். ஆனால் அந்த அளவுக்கு இவ்வளவு மயக்கம் வருமா என்பது எனக்கே சந்தேகமாக இருந்தது. டாக்டரும் அதையே கேட்டார். "டிரமடால் போட்டு எட்டு மணி நேரம் ஆச்சே, இப்ப எப்படி மூச்சு குறையும்?"

போனை வைத்துவிட்டு மகனிடம் கேட்டேன். "அண்ணா, நாங்க குடுக்கறது இல்லாம வேற ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்ல சிஸ்டர்."

"வீட்டு மாத்திரை?"

"சுகர் மாத்திரையை நீங்கதான் குடுக்குறீங்க. அந்த நரம்பு சத்து மாத்திரை மட்டும் எப்பவும் போல எட்டு மணிக்குக் குடுத்தேன். அது வைட்டமின்தானே?"

வயர் கூடையிலிருந்து எடுத்துக் காட்டினார். துண்டுக்கு அடியில், பன் பாக்கெட்டோடு ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் பாதி தீர்ந்த அட்டை. பின்பக்கத் தாளைச் செல்போன் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். மெத்தில்கோபாலமின் என்கிற வைட்டமின், அதோடு பிரிகாபலின் 75. சர்க்கரையால் வந்த பாத எரிச்சலுக்கு யாரோ எப்போதோ எழுதியது. வீட்டில் அதற்குச் சத்து மாத்திரை என்று பேர் வந்துவிட்டது. வலி மாத்திரை என்று சொல்லியிருந்தால் அவரே கேட்டிருப்பார், சத்தைப் பற்றி யார் கேட்பார்கள்? எட்டு மணிக்கு நாங்கள் கொடுத்தது ஒன்று, அவர் கொடுத்தது ஒன்று. அது உடம்பில் உச்சத்துக்கு வருகிற நேரத்தில்தான் நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மறுபடி போன் செய்தேன். இந்த இரண்டாவது பேச்சைத்தான் மனசு திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது.

"சார், பிரிகாபலின் ரெட்டை டோஸ் போயிருக்கு. பத்து மணி டிரமடாலை நிறுத்தி வைக்கலாமா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "வலி வந்தா காலை அசைக்க மாட்டாங்க சிஸ்டர். அசையாம கிடந்தா நெஞ்சுல சளி கட்டும். அதுவும் மூச்சுப் பிரச்சனைதான்."

"தெரியும் சார். ஆனா கூப்பிட்டா ஒரு வார்த்தை முழுசா வரல."

"சரி, நிறுத்துங்க. எழுதி வைங்க. மூச்சு எட்டுக்குக் கீழ போனா கூப்பிடுங்க, வர்றேன்."

ஆக்ஸிஜனை நான் உடனே வைக்கவில்லை. இது பலருக்குப் புரியாது, அன்று மகனுக்கும் புரியவில்லை. குழாயை வைத்தால் விரலில் மாட்டிய கருவி 97 காட்டும், எல்லோருக்கும் நிம்மதி வரும். மூச்சு ஆறுக்கு இறங்கி உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டிருந்தாலும் அது சீக்கிரம் காட்டிக் கொடுக்காது. 90க்குக் கீழே போனால் வைப்பது என்று, படுக்கைத் தலைப்பக்கத்தை உயர்த்தி, பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, கால் மணிக்கு ஒரு தரம் எழுப்பிப் பேச வைத்தேன். நலோக்ஸோன் ட்ரேயில் இருந்தது. ஆனால் அது ஓபியாய்டைத்தான் எதிர்க்கும், பிரிகாபலினை ஒன்றும் செய்யாது. டிரமடாலைக்கூட ஓரளவுதான் முறிக்கும், வலிப்பு வருகிற பயமும் உண்டு.

இரண்டு மணி வாக்கில் மூச்சு 14. நன்றாக விழித்துக்கொண்டார். அதோடு வலியும் விழித்தது. தொடையைப் பிடித்துக்கொண்டு அவர் கத்தியதில் வார்டே எழுந்தது. பாராசிட்டமால் டிரிப் போட்டேன். டைக்லோஃபெனாக் ஊசி கிட்னிக்கு ஆகாது. மறுபடி டிரமடால் கேட்டுப் போன் செய்ய இரண்டு முறை போனை எடுத்துவிட்டு வைத்தேன். மகன் என்னிடம் பேசவே இல்லை.

காலையில் டாக்டர் வந்து ரத்த ரிப்போர்ட்டை எடுத்துக் கணக்குப் போட்டார். கிட்னி வேலை செய்வதைக் காட்டுகிற கிரியாட்டினின் 1.3. பார்க்கிறவர்கள் "கொஞ்சம் கூட, பரவாயில்லை" என்று தாண்டிப் போகிற எண். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் கிட்னி வடிகட்டுவது நிமிடத்துக்கு 28 மில்லிதான். பிரிகாபலின் ஈரலில் உடைகிற மருந்தில்லை, அப்படியே சிறுநீரில்தான் போக வேண்டும். இவர் போன்றவருக்கு ஒரு டோஸ் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். நாளைக்கு 150ஐத் தாண்டக் கூடாத இடத்தில் 225 போய்க்கொண்டிருந்தது, அதுவும் நாள்தோறும் முந்தைய நாளின் மிச்சத்தின் மேல். டிரமடாலும் இந்த அளவு கிட்னிக்கு 12 மணிக்கு ஒரு முறைதான். புதிய பிரிகாபலினை நிறுத்தி, பழைய 75ஐ மட்டும் இரவுக்கு வைத்தார். நாள்பட்டு எடுத்ததை ஒரேயடியாக நிறுத்தினால் படபடப்பு, தூக்கமின்மை, அரிதாக வலிப்புகூட வரும். டிரமடால் இரண்டு வேளையானது.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 டிசம்பரில் இதே எச்சரிக்கையை வெளியிட்டிருக்கிறது என்று பிறகு படித்தேன்: பிரிகாபலினோடோ அதே வகை மருந்தான காபாபென்டினோடோ ஓபியாய்டு சேர்ந்தால், நுரையீரல் நோய் இருந்தால், வயதானவராக இருந்தால் மூச்சு அடங்கிப் போகலாம். படித்தபோது கொஞ்சம் தெம்பாக இருந்தது. அப்புறம் அதுவும் போய்விட்டது. அந்த 50 மில்லிகிராமைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்த எச்சரிக்கையும் எனக்குச் சொல்லாது. ஒன்றுமே ஆகாமல், வலியும் இல்லாமல் விடிந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. இரண்டு மணிக்கு மூச்சு 14 வந்தபோதே பாதி டோஸாவது கேட்டிருக்கலாமோ? இரண்டு மணிக்குள் மருந்து எங்கே போய்விடும், உள்ளேதானே இருந்தது என்று நானே பதிலும் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது அட்மிஷன் போடும்போதே வீட்டு மாத்திரைக் கவரை வாங்கி, அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கிறேன். "சத்து மாத்திரை, தூக்க மாத்திரை, நாட்டு மருந்து எல்லாம்" என்று தனித்தனியாகக் கேட்கிறேன். புதுசாக வருகிற பிள்ளைகளிடம், குறட்டை விட்டால் எழுப்பிப் பாருங்கள் என்று கண்டிப்பாகச் சொல்கிறேன். நானோ சில ராத்திரிகளில், வலியில் துவண்டவர் தூங்குவதைப் பார்த்து, மூச்சை மட்டும் எண்ணிவிட்டு எழுப்பாமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறேன்.

வீட்டுக்குப் போகிற அன்று பாட்டி என் கையைப் பிடித்தார். "மாத்திரையக் கையில வெச்சுக்கிட்டே குடுக்காம இருந்தியே புள்ள, என்ன மனசு உனக்கு?" என்றார். மூச்சு குறைந்ததைச் சொல்லிப் பார்த்தேன். மகனைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் அன்னைக்கு நல்லாத்தானே தூங்கிக்கிட்டிருந்தேன்?"