"சொந்தக் காரணம்" என்று எழுதச் சொன்னார்கள்

ஜூலை 8, 2024, திங்கள்

என் மேனேஜர் தரும் பாலியல் தொல்லை பற்றி இன்று எச்.ஆர். மேடத்திடம் பேசிவிட்டேன். கதவைச் சாத்திவிட்டு முழுதாகக் கேட்டார். கடைசியில் சொன்னது இதுதான்: "ஓசூர் கிளையில ஒரு இடம் காலியா இருக்கும்மா. சொந்தக் காரணத்துக்காக மாற்றல் வேணும்னு ரெண்டு வரி மெயில் போடு. ஒரே வாரத்துல முடிச்சுத் தர்றேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த இரண்டு வரியில் என் மேனேஜரின் பெயர் எங்கே வரும்? அம்மாவைச் சென்னையில் விட்டுவிட்டு நான் ஓசூர் போகவேண்டும், அவர் அதே நாற்காலியில் இருப்பார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

பெரியம்மா மகள் அக்காவுக்குப் போன் செய்தேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில், இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் இருந்தவள். மெயிலை அனுப்பவே அனுப்பாதே என்றாள்.

எச்.ஆருக்கு மாற்றல் மட்டும் கேட்டு எழுதினால் அது வெறும் மாற்றல் மனு. கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-இன் 12-ஆம் பிரிவு வேறு. விசாரணை நடக்கும்போது நாம் எழுத்தில் கேட்டால், நம்மையோ அவரையோ வேறு இடத்துக்கு மாற்றும்படி குழு பரிந்துரைக்கலாம். மூன்று மாதம் வரை விடுப்பும் தரச் சொல்லலாம், அது நம் கணக்கு விடுப்பில் கழியாது. குழு பரிந்துரைத்தால் நிர்வாகம் அதைச் செய்தாக வேண்டும். ஆனால் விசாரணை நடக்க முதலில் புகார் வேண்டும். அதைக் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம், அதை நம்பி உட்காராதே என்றாள்.

எனக்குக் கடைசிச் சம்பவம் மே 24. ஓசூர் போய், வீடு பார்த்து, பெட்டி பிரிப்பதற்குள் ஆகஸ்ட் வந்திருக்கும்.

ஜூலை 11, வியாழன்

இரவு உட்கார்ந்து எழுதினேன். முதலில் அவரைப் பற்றிக் கோபமாகப் பத்து அடைமொழி வந்தது. எல்லாவற்றையும் அடித்துவிட்டுத் தேதி, நேரம், இடம், அவர் சொன்ன சொல், பக்கத்தில் இருந்தவர் என்று மட்டும் வைத்தேன். ஒரு பத்தி இப்படி:

"24.05.2024 அன்று மாலை சுமார் 6.30 மணிக்கு, பில்லிங் பிரிவில், இன்வாய்ஸ் சரிபார்க்கும் சாக்கில் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று தோளில் கை வைத்தார். எடுக்கச் சொன்னேன். சிரித்துவிட்டு மறுபடி வைத்தார். அன்று இரவு 10.47-க்கு, 'கோபத்துலயும் அழகுதான்' என்று வாட்ஸ்அப் அனுப்பினார். அதன் நகல் இணைப்பு 3."

கோரிக்கைதான் நேரம் எடுத்தது. "என்னை மாற்றுங்கள்" என்று மட்டும் எழுதினால் ஓசூர்தான் கிடைக்கும். அதனால் விசாரணை முடியும்வரை அவரை வேறு அலுவலகத்துக்கு மாற்றுங்கள். முடியாதென்றால் என்னைச் சென்னைக்குள்ளேயே, இதே பதவியில், இதே சம்பளத்தில் மாற்றுங்கள் என்று எழுதினேன். அப்புறம், என் அப்ரைசலை அவர் எழுதக் கூடாது, வேறு அதிகாரியிடம் கொடுங்கள் என்றும் சேர்த்தேன். அக்கா இதை மறக்காதே என்றிருந்தாள். ஆள் வேறு மாடிக்குப் போனாலும் மதிப்பெண் அவர் கையில் இருந்தால் என்ன பயன்? விதிகளிலேயே இதற்கு இடம் இருக்கிறதாம்.

ஜூலை 12, வெள்ளி

சாட்சிகளின் பெயர், முகவரி, இணைப்புகளோடு ஆறு பிரதிகள். எங்கள் அலுவலகப் புகார்க் குழுத் தலைவரிடம் நேரில் கொடுத்து, என் பிரதியில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கினேன். எச்.ஆருக்கு ஒரு நகல் மெயிலில் போனது.

மேடம் மதியம் வந்து, "சமரசமாப் பேசிப் பார்க்கலாமா?" என்றார். சமரசம் நான் கேட்டால்தான் உண்டு, அதிலும் பணம் பேசக் கூடாது என்பதை அக்கா சொல்லி வைத்திருந்தாள். "நான் கேட்கலை மேடம்" என்றேன். சரி என்று போய்விட்டார்.

ஜூலை 24, புதன்

உத்தரவு வந்துவிட்டது. விசாரணை முடியும்வரை அவர் ஸ்ரீபெரும்புதூர் கிடங்கில். என் அப்ரைசல் நிதிப் பிரிவுத் தலைவரிடம்.

இது தீர்ப்பு இல்லை என்று எனக்கும் தெரியும். புகாரின் பிரதி அவருக்குப் போயிருக்கிறது, கிடைத்த நாளிலிருந்து பத்து வேலை நாளுக்குள் பதில் தரவேண்டும். விசாரணைக்கே 90 நாள் வரை ஆகலாம். விஷயத்தை வெளியே விடக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, டீக்கடையில் அதற்குள் இரண்டு கதை ஓடுகிறது.

ஜூலை 26, வெள்ளி

அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக லீவு போட்டேன். சாஃப்ட்வேரில் ஒப்புதல் தருபவர் இடத்தில் இன்னும் அவர் பெயர்தான். உத்தரவு காகிதத்தில் மாறியது, சிஸ்டத்தில் மாறவில்லை! ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உத்தரவின் தேதியைக் குறிப்பிட்டு குழுத் தலைவருக்கும் எச்.ஆருக்கும் மெயில் போட்டேன். நாலு மணிக்குப் பெயர் மாறியது. லீவும் கிடைத்தது.