மாரத்தானுக்கு முந்தைய இரண்டு நாள் சாப்பாடு: ஒரு நாட்குறிப்பு

டிசம்பர் 29, 2024, ஞாயிறு

அடுத்த ஞாயிறு சென்னை மாரத்தான். இன்று காலை 14 கிலோமீட்டரை நிதானமாக ஓடி, நீண்ட ஓட்டங்களை இத்துடன் நிறுத்திக்கொண்டேன். ஓட்டம் முடிந்து எலியட்ஸ் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது, சனிக்கிழமை இரவு எங்கே பிரியாணி சாப்பிடலாம் என்பதுதான் எங்கள் குழுவில் பேச்சு. ‘கார்ப் லோடிங்’ என்றால் ஓட்டத்துக்கு முந்தின இரவு வயிறு முட்டச் சாப்பிடுவது என்று பலரும் நினைத்திருக்கிறார்கள். உண்மையில் அது தசையில் மாவுச்சத்தை ஏற்றிக்கொள்ளும் இரண்டு நாள் வேலை. அதில் மிகக் குறைவாகச் சாப்பிட வேண்டிய வேளை அந்தச் சனிக்கிழமை இரவுதான்.

எதற்காக இந்த ஏற்பாடு என்பதை முதலில் எழுதி வைக்கிறேன். என் எடை 60 கிலோ. இந்த எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 60 கலோரி செலவாகும் என்பதால், 42.2 கிலோமீட்டருக்கு 2,500 கலோரி வேண்டும். சாதாரண நாளில் என் தசைகளில் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து சுமார் 400 கிராம், கல்லீரலில் இருப்பது 100 கிராமுக்குள். கிராமுக்கு 4 கலோரி என்று வைத்தால் மொத்தம் 2,000 கலோரி. கொழுப்பும் கூடவே எரிவதால் கணக்கு சரியாக வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் ஒரு தசையில் இருக்கும் கிளைக்கோஜனை வேறொரு தசைக்கு அனுப்ப உடலால் முடியாது. கையில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் தொடைக்கு உதவாது. தொடையில் தீர்ந்துபோனால் கொழுப்பை மட்டும் நம்பி அதே வேகத்தில் ஓட இயலாது. முப்பது கிலோமீட்டருக்கு மேல் பலர் நடக்கத் தொடங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்தத் தொடைச் சேமிப்பை முன்கூட்டியே உயர்த்திக்கொள்வது மட்டுமே இந்த வாரத்தின் நோக்கம்.

ஜனவரி 1, 2025, புதன்

புத்தாண்டுப் பாயசத்தை மறுக்கவில்லை. இன்றைய சாப்பாடு கணக்கில் வராது.

குழுவில் மூத்தவர் ஒருவர், மூன்று நாள் சோற்றையே தொடாமல் இருந்துவிட்டுப் பிறகு சாப்பிட்டால்தான் உடம்பில் ஏறும் என்றார். அவர் சொன்னதற்கு ஒரு வரலாறு உண்டு. 1966-இல் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே சைக்கிளின் இரு பக்கமும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைத்துப்போகும்வரை மிதித்தார்கள். அதன் பிறகு மூன்று நாள் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டு, தொடையில் ஊசி செலுத்தித் துளித் தசையை எடுத்துப் பார்த்தபோது, உழைத்த காலில் கிளைக்கோஜன் சும்மா இருந்த காலைப்போல ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது. இதிலிருந்து பிறந்ததுதான் முதலில் கடுமையாக ஓடிக் காலியாக்கி, மூன்று நாள் மாவுச்சத்தை ஒதுக்கி, கடைசி மூன்று நாளில் நிரப்பும் பழைய முறை. 1969-இல் ஏதென்ஸில் நடந்த ஐரோப்பிய மாரத்தானை வென்ற ரான் ஹில் இந்த முறையைத்தான் பின்பற்றினார்.

ஆனால் போட்டிக்கு முந்தைய வாரத்தில் சோறில்லாமல் இருப்பவருக்குச் சோர்வும் எரிச்சலும் தூக்கக் கேடும்தான் மிஞ்சும். 1981-இல் ஷெர்மன் குழுவினர், பயிற்சியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு கடைசி மூன்று நாள் மாவுச்சத்தைக் கூட்டினாலே ஏறத்தாழ அதே அளவு ஏறுகிறது என்று காட்டினார்கள். 2002-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில், நன்கு பயிற்சி பெற்றவர்கள் உடலுழைப்பே இல்லாமல் உடல் எடையின் கிலோவுக்கு 10 கிராம் மாவுச்சத்து வீதம் சாப்பிட்டபோது ஒரே நாளில் சேமிப்பு உச்சத்தை எட்டியது. மாதக்கணக்கில் ஓடிப் பழகிய தசை ஏற்கெனவே சேமிக்கத் தயாராகத்தான் இருக்கிறது; அதைப் பட்டினி போட வேண்டியதில்லை.

ஜனவரி 2, வியாழன்

காலையில் 5 கிலோமீட்டர். நாளையும் மறுநாளும் ஓட்டமே இல்லை. ஓடினால் ஏற்றுவது அன்றன்றே செலவாகிவிடும்.

நிபுணர்கள் பரிந்துரைக்கும் அளவு, 90 நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் போட்டிக்கு முன் 36 முதல் 48 மணி நேரம், ஒரு நாளைக்கு உடல் எடையின் கிலோவுக்கு 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து. எங்களைப் போன்ற பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களுக்கு 12 கிராமைச் சாப்பிட்டு முடிப்பதே பெரும்பாடு. எனக்கு 9 கிராம் என்று வைத்து, நாளைக்கு 540 கிராம் என முடிவு செய்தேன்.

50 கிலோ எடையுள்ள அக்கா ஒருவர் எங்களுடன் ஓடுகிறார். தட்டில் முக்கால் பங்கு சோறாக இருந்தால் போதாதா என்று கேட்டார். “போதாது அக்கா, கிராமில் எண்ணுங்கள்” என்றேன். வழக்கமாகக் குறைவாகச் சாப்பிடுபவர் விகிதத்தை மட்டும் மாற்றினால் மொத்த மாவுச்சத்து போதிய அளவுக்கு உயர்வதில்லை. பெண்களுக்கு லோடிங் பலிக்காது என்று ஒரு காலத்தில் எண்ணப்பட்டதற்கும் இதுவே பெரும்பாலும் காரணம். மொத்த உணவையும் சேர்த்துக் கூட்டியபோது அவர்களுக்கும் சேமிப்பு உயர்ந்தது. அக்காவுக்கு 450 கிராம் என்று கணக்கிட்டோம்.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கும் அண்ணன் ஒருவரும் கேட்டார். அவர் தம் மருத்துவரைப் பார்க்காமல் இதில் இறங்கக் கூடாது என்பதைத் தவிர நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஜனவரி 3, வெள்ளி

வெறும் வயிற்றில் எடை 60.1 கிலோ.

அரிசியை வேகவைக்கும் முன்பே எடை போட்டுவிட்டால் கணக்கு எளிது. 100 கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து. சோறாக எடை போட்டால் தண்ணீரின் அளவைப் பொறுத்துக் கணக்கு மாறிக்கொண்டே இருக்கும்.

காலையில் ஆறு இட்லி. சட்னி சாம்பாருக்குப் பதிலாகச் சர்க்கரை தொட்டுக்கொண்டேன். காபியிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. எல்லாம் சேர்ந்து 95 கிராம். பதினொரு மணிக்கு இரண்டு வாழைப்பழமும் வெல்லம் கரைத்த பானகமும், 78 கிராம். மதியம் 150 கிராம் அரிசிச் சோறு, தெளிந்த ரசம், தோல் நீக்கி வேகவைத்து உப்புப் போட்ட உருளைக்கிழங்கு, கொஞ்சம் மோர், 145 கிராம். மாலையில் வெல்லம் போட்டு நனைத்த அவல் 85 கிராம் தந்தது. இரவு இடியாப்பமும் சர்க்கரையும், தேங்காய்ப்பால் இல்லாமல், 98 கிராம். படுக்கும் முன் ஒரு வாழைப்பழமும் ஒரு தம்ளர் பழச்சாறும் 47. மொத்தம் 548.

இதில் கவனிக்க வேண்டியது, 540 கிராம் மாவுச்சத்து என்பது 2,160 கலோரிதான் என்பதே. மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் நான் வழக்கமாகச் சாப்பிடுவதைவிட இன்று அதிகம் கூடவில்லை. கூட்டியது சோறும் சர்க்கரையும். அவற்றுக்கு இடம் விட்டு விலகியவை எண்ணெயும் தேங்காயும் பருப்பும் காய்கறியும். பிரியாணியும் பரோட்டாவும் இங்கேதான் தோற்கின்றன: அவற்றின் எண்ணெய் வயிற்றை நிரப்பிவிடுவதால், வேண்டிய மாவுச்சத்துக்குப் பாதி வழி போகும் முன்பே கை ஓய்ந்துவிடும்.

மாதக்கணக்கில் வரகு, சாமை, கம்பு என்று மாறிவிட்ட நண்பர்களுக்கு இந்த இரண்டு நாள் வெள்ளை அரிசி என்றால் மனம் ஒப்பவில்லை. நார்ச்சத்து நல்லதுதான், ஆனால் அது சீக்கிரம் வயிற்றை நிறைத்து, குடலிலும் தங்கி, ஓட்டத்தின் நடுவே கழிப்பறை தேட வைக்கும். கீரை, சுண்டல், சிறுதானியம் எல்லாம் திங்கட்கிழமை திரும்பி வரட்டும்.

ஜனவரி 4, சனி

எடை 60.8. அக்கா தம் எடை ஏறியதைப் பார்த்துக் கவலையுடன் அழைத்தார். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைச் சேர்த்தே தசையில் தங்குகிறது. இரண்டு நாளில் ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோ வரை ஏறுவதும் கால் கொஞ்சம் கனமாகத் தோன்றுவதும் இயல்பு. ஏறாமலே இருந்தால்தான் சாப்பிட்டது போதவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும்.

ஆனால் வயிறு உப்பி, பொருமி, இளக்கமாகப் போனால் அது வேறு விஷயம். பெரும்பாலும் பழச்சாற்றை லிட்டர் கணக்கில் குடித்ததாலோ பால் இனிப்புகளைத் தின்றதாலோ வருவது. பழத்தின் சர்க்கரையான ஃபிரக்டோஸைக் குடல் ஓரளவுக்கு மேல் உறிஞ்சாது. அப்படி ஆனால் சாற்றை நிறுத்திவிட்டுக் குழைந்த சோறும் கஞ்சியும் போதும்; குறைந்துபோன 50 கிராமை எண்ணி வருந்த வேண்டியதில்லை. பழகாத பொருள் எதையும் இந்த இரண்டு நாளில் தொடக் கூடாது என்பதும் இதனால்தான். இந்த இட்லி, அவல், பானக வரிசையை நான் டிசம்பரின் நீண்ட ஓட்டம் ஒன்றுக்கு முன்பே சாப்பிட்டுப் பார்த்திருந்தேன்.

இன்று பெரிய சாப்பாடு மதியமே முடிந்தது. மாலை ஆறரைக்கு, மோர் விட்டுக் குழையப் பிசைந்த சோறு ஒரு கிண்ணம். இதற்குள் 500 கிராம் ஆகிவிட்டதால் இரவில் துரத்திப் பிடிக்க ஒன்றுமில்லை. தண்ணீரைத் தாகத்துக்கு ஏற்பக் குடித்தேன்; முன்னெச்சரிக்கையாகக் குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும்.

ஜனவரி 5, ஞாயிறு

ஓட்டம் விடியும் முன்பே தொடங்குவதால் இரவு ஒன்றே முக்காலுக்கு எழுந்தேன். எடை 61.3. தூங்கும்போது தசையின் சேமிப்பு அப்படியே இருக்கும், கல்லீரலின் சேமிப்புதான் இரத்தச் சர்க்கரையைக் காக்கச் செலவாகிக் குறையும். அதற்காக மூன்று துண்டு ரொட்டியும் ஜாமும் ஒரு வாழைப்பழமும்: ஏறத்தாழ 87 கிராம், கிலோவுக்கு ஒன்றரை கிராம். வழியில் மணிக்கு 40 கிராம் மாவுச்சத்து கிடைக்கும்படி இனிப்பு ஜெல் எடுத்துக்கொண்டேன், சேமிப்பு எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அது தீரும் நேரத்தைத் தள்ளிப்போடத்தான் செய்யும் என்பதால்.

1971-இல் கார்ல்சன், சால்டின் ஆகியோர் அதே ஆட்களை இருமுறை 30 கிலோமீட்டர் ஓடவிட்டுப் பார்த்தார்கள். நிரப்பிக்கொண்டு ஓடியபோதும் தொடக்க வேகம் கூடவில்லை. பிற்பகுதியில் வேகம் விழுவதுதான் தள்ளிப்போனது. இன்று என் கடிகாரம் காட்டியதும் அதுவே. முதல் பாதி பயிற்சியில் ஓடிய அதே வேகம், கால் கனம் 5 கிலோமீட்டருக்குள் மறந்துபோனது, 32-க்குப் பிறகு கிலோமீட்டருக்கு 10 நொடி மட்டுமே கூடியது. வெயில் குறைவாக இருந்ததற்கும் இதில் பங்கு உண்டு என்பதால் எல்லாப் புகழையும் இடியாப்பத்துக்குக் கொடுக்க மாட்டேன்.

ஜனவரி 7, செவ்வாய்

எடை 60.2. அக்கா தம் குறிப்பைக் காட்டினார்: வெள்ளி 430, சனி 405. கிலோவுக்கு 8 கிராமுக்கு மேல் வந்திருக்கிறது. நடக்காமல் ஓடி முடித்திருக்கிறார். அடுத்த மாதம் ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டம் இருக்கிறதாம், அதற்கும் இதேபோல் சாப்பிடலாமா என்றார். அவருக்கு அது ஒரு மணி நேரத்து வேலை. அதற்குள் தசையின் வழக்கமான சேமிப்பே தீராது. ஏற்றிக்கொள்ளும் ஒரு கிலோவைச் சும்மா சுமந்து ஓட வேண்டியிருக்கும். முந்தின நாள் வழக்கமான சாப்பாடே போதும், இரவு மட்டும் சுண்டல் வேண்டாம் என்றேன்.