குழந்தைகள் வார்டில் ஹைப்போ கலக்கும் கணக்கைத் திருத்தினோம்

மாவட்ட அளவிலான ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டின் பொறுப்புச் செவிலியராக இருக்கிறேன். காய்ச்சலுக்கும் மூச்சிரைப்புக்கும் சேர்ந்த பிள்ளைகளில் சிலருக்கு, வார்டுக்கு வந்து இரண்டு மூன்று நாள் கழித்து வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. வீட்டிலிருந்து கொண்டு வந்த நோய் என்றால் பெரும்பாலும் முதல் ஓரிரு நாளிலேயே தெரிந்திருக்கும். இது வார்டுக்குள் ஒட்டியதாகவே தோன்றியது. அதனால் அடிக்கடி கைபடும் இடங்களைத் துடைக்கும் முறையை முழுதாகப் பார்த்து மாற்றச் சொன்னார்கள்.

முதலில் பார்த்தது, துடைக்கும் கிருமிநாசினிக் கரைசலை. சோடியம் ஹைப்போகுளோரைட்டைத் தண்ணீரில் கலந்துதான் அதைத் தயாரிக்கிறோம், வார்டில் அதை ஹைப்போ என்போம். சுவரில் ஒட்டியிருந்த தாளில் "10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி ஹைப்போ" என்று இருந்தது. 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு அது சரியான அளவுதான். ஆனால் ஸ்டோரிலிருந்து அப்போது வந்துகொண்டிருந்த கேன் 5 சதவீதம். பழைய தாளின்படி கலந்தால் 0.1 சதவீதம், அதாவது 1000 பிபிஎம், இருக்கவேண்டிய இடத்தில் பாதிதான் இருக்கும். வாசனை ஒன்றுபோலவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர், "கேன் மாறுது சிஸ்டர், தாள் மாறலையே" என்றார். விஷயம் அவ்வளவுதான்.

புதுத் தாளில் அளவை மட்டும் எழுதாமல் கணக்கையும் எழுதினோம். கேனில் உள்ள சதவீதத்தை வேண்டிய சதவீதத்தால் வகுத்து, அதில் ஒன்றைக் கழித்தால், ஒரு பங்கு ஹைப்போவுக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்று வந்துவிடும். 5-ஐ 0.1-ஆல் வகுத்தால் 50. ஒன்று போக 49 பங்கு தண்ணீர். 10 லிட்டர் கரைசலுக்கு 200 மில்லி ஹைப்போ, 9 லிட்டர் 800 மில்லி தண்ணீர். பக்கெட்டில் 10 லிட்டர் கோட்டை மார்க்கரால் போட்டுவிட்டோம். மூடியால் அளப்பதை நிறுத்திவிட்டு, அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்றை அதற்கென்றே வைத்தோம்.

கலக்கும் வரிசையும் முக்கியம். ஜன்னலைத் திறந்துவிட்டு, கனமான ரப்பர் கையுறை, மாஸ்க், கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். பக்கெட்டில் முக்கால்வாசி தண்ணீர் பிடித்த பிறகு ஹைப்போவை ஊற்றி, கோடுவரை மீதித் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். தண்ணீர் முதலில் இருந்தால் கெட்டியான ஹைப்போ மேலே தெறிக்கும் ஆபத்து குறைவு. வெந்நீர் கூடாது, சூட்டில் குளோரின் சீக்கிரம் போய்விடும். கழிவறை கழுவும் ஆசிட் பட்ட மக்கோ பக்கெட்டோ பக்கத்திலேயே வரக்கூடாது, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சிந்திய சிறுநீரின் மீதும் ஹைப்போவை நேராக ஊற்றக்கூடாது. முதலில் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் ஹைப்போ. கலந்ததும் மூடி, தேதியும் நேரமும் எழுதி ஒட்ட வேண்டும். மறுநாள் மீதியைப் பயன்படுத்துவதில்லை, புதிதாகக் கலக்கிறோம்.

அளவைச் சரிசெய்த பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. கேன் எங்கே இருந்தது என்பது. மேற்குப் பக்க ஜன்னலை ஒட்டி, வெயில் படும் இடத்தில் அடுக்கியிருந்தார்கள். வெளிச்சமும் சூடும் பட்டால் ஹைப்போ தானாகவே வலுவிழக்கும், லேபிள் மட்டும் 5 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க, குளோரின் அளவை நிறத்தால் காட்டும் பட்டை வாங்கினோம். எங்களிடம் கிடைத்த பட்டை 200 பிபிஎம் வரைதான் காட்டும். அதை 1000 பிபிஎம் கரைசலில் நேராக முக்கினால் நிறமே வெளுத்துப்போய், குளோரின் இல்லை என்பதுபோலக் காட்டிவிடும். அதனால் கரைசலில் ஒரு பங்கும் தண்ணீர் ஒன்பது பங்கும் சேர்த்து, அதில் முக்கி, காட்டும் எண்ணைப் பத்தால் பெருக்குகிறோம். சரியான கரைசல் என்றால் பட்டை 100 காட்ட வேண்டும். ஜன்னலோரக் கேனில் கலந்தது 50-க்கும் கீழே காட்டியது. அந்தக் கேன்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புதியவற்றை இருட்டான அலமாரியில், பழையது முன்னால் வரும்படி வைத்தோம். வலுக்குறைந்த கேனைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிச் சமாளிக்கலாம் என்று யோசனை வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது கேனுக்குக் கேன் மாறும்.

அப்புறம் அட்டவணை. முன்பு "தினமும் மூன்று முறை" என்று மட்டும் இருந்தது, அது எப்போது என்று யாருக்கும் தெளிவில்லை. வார்டின் ஓட்டத்தோடு சேர்த்துப் போட்டோம்: காலை ரவுண்ட்ஸுக்கு முன், பார்வையாளர் நேரம் முடிந்த உடன், இரவு மருந்து கொடுத்து முடித்த பின். ஒவ்வொரு கட்டிலிலும் கம்பி, லாக்கர் கைப்பிடி, ட்ரிப் ஸ்டேண்ட், ஆக்சிஜன் திருகு. பொதுவில் கதவுப் பிடி, சுவிட்ச், குழாய், எடை மெஷின். வயிற்றுப்போக்குப் பிள்ளைகளின் கட்டில்கள் எப்போதும் கடைசியில். ஒரு கட்டிலுக்கு ஒரு துணி, துடைத்த துணியை மறுபடி பக்கெட்டில் முக்கக்கூடாது. இதற்குத் துணி நிறையத் தேவைப்பட்டது, அதைக் கேட்டு வாங்கத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

துடைப்பது இரண்டு வேலை. முதலில் சோப்புத் தண்ணீரால் பால், சாதம், எச்சில் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். அழுக்கு இருந்தால் குளோரின் அதோடு சேர்ந்தே செலவாகிவிடும், கிருமிக்கு மிஞ்சாது. பிறகு ஹைப்போவை, பரப்பு 10 நிமிடம் ஈரமாகவே இருக்கும்படி பூச வேண்டும். மின்விசிறிக்குக் கீழே சீக்கிரம் காய்ந்துவிடும், அங்கே இன்னொரு முறை பூசுகிறோம். ஸ்பிரே அடிப்பதில்லை, மூச்சிரைப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் புகைச்சல் ஆகாது. 10 நிமிடம் முடிந்ததும் வெறும் தண்ணீர்த் துணியால் துடைத்துவிட வேண்டும். பெரியவர்கள் வார்டில் இதை விட்டுவிடுவார்கள், இங்கே விடவே முடியாது. பல் முளைக்கிற பிள்ளை கட்டில் கம்பியைக் கடிக்கும். இரும்புக் கம்பி துருப்பிடிப்பதும் இதனால் குறையும்.

வாந்தி, பேதி சிந்திய இடத்துக்கு மட்டும் 0.5 சதவீதம். 5 சதவீதக் கேனில் 100 மில்லிக்கு 900 மில்லி தண்ணீர். வழித்து எடுத்து, கழுவிய பிறகுதான் இதைப் போட வேண்டும். இன்ஃப்யூஷன் பம்ப், பல்ஸ் ஆக்சிமீட்டர் மாதிரி கருவிகளுக்கு ஹைப்போ வேண்டாம் என்று 70 சதவீத ஆல்கஹால் துணி வைத்திருக்கிறோம். ஆனால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸ் போன்றவை ஆல்கஹாலுக்கு எளிதில் மசியாது. எனவே வயிற்றுப்போக்குப் பிள்ளைக்குப் பயன்படுத்திய கருவியை, அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகும்வரை வேறு கட்டிலுக்குக் கொண்டுபோவதில்லை. கைக்குழந்தைகள் படுக்கும் தொட்டில், வார்மர் பக்கம் ஃபினாயில் வகை எதையும் விடுவதில்லை.

துடைத்தார்களா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரிடம் புற ஊதா விளக்கில் மட்டும் ஒளிரும் ஜெல் இருந்தது. முந்தின இரவு சில இடங்களில் பொட்டு வைத்து, காலைத் துடைப்புக்குப் பின் விளக்கடித்துப் பார்த்தோம். லாக்கர், கதவுப் பிடி எல்லாம் சுத்தம். கட்டில் கம்பியின் உள்பக்கத்திலும் ஆக்சிஜன் திருகிலும் பொட்டு அப்படியே மின்னியது. பணியாளர் அக்காக்களையே அழைத்து விளக்கைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். "பிள்ளை தூங்கும்போது உள்பக்கம் கை விடப் பயமா இருக்கு சிஸ்டர், முழிச்சிட்டா அம்மா திட்டுறாங்க" என்று ஒருவர் சொன்னார். அது நியாயமான காரணம். காலைத் துடைப்பை, அம்மாக்கள் பிள்ளைகளை முகம் கழுவக் கூட்டிப்போகும் நேரத்துக்கு நகர்த்தினோம். அடுத்த சோதனையில் கம்பியின் உள்பக்கப் பொட்டுகள் பெரும்பாலும் போயிருந்தன. ஆக்சிஜன் திருகு இன்னும் தவறுகிறது, ஆக்சிஜன் ஓடும்போது அதைத் தொட அவர்கள் தயங்குகிறார்கள். அதை மட்டும் இப்போது பணியிலுள்ள செவிலியரின் வேலையாக மாற்றியிருக்கிறோம்.