அம்மாவின் ஒரு நிமிடம்

திருமண வீடியோ வெட்டுவதுதான் என் தொழில். யாழ்ப்பாணத்தில் கஸ்தூரியார் வீதிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோ. போன செப்டெம்பரில் காசு வாங்காத ஒரு வேலை வந்தது. என்னோடு படித்தவன் ஒருவன் ரொறன்ரோவில் இருக்கிறான், அவனுக்கு 40ஆவது பிறந்தநாள் வந்தது. அவனுடைய தங்கச்சி வந்து, "அண்ணை, எல்லாரும் ஒவ்வொரு துண்டு எடுத்து அனுப்புவினம், நீங்கள் ஒட்டித் தாங்கோ" என்றாள். ஒட்டுவதுதானே, ஒரு பின்னேரம் போதும் என்று நினைத்தேன்.

19 துண்டுகள் வந்தன. கோப்பாய், சாவகச்சேரி, லண்டன், பாரிஸ். முதலில் வந்தவை வட்ஸ்அப்பில் வழக்கமான வீடியோவாக வந்ததால், பெரியம்மாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. அதையே டொக்கியூமென்டாக இணைத்து அனுப்பினால் எடுத்த கோப்பு அப்படியே வரும். இதை எல்லாருக்கும் தனித்தனியாகப் போன் எடுத்து விளக்கியதில் இரண்டு நாள் போனது. பெரும்பாலானவர்கள் போனை நிமிர்த்திப் பிடித்தே எடுத்திருந்தார்கள். அவனும் போனில்தான் பார்க்கப்போகிறான். அதனால் படத்தையே நெட்டுக்கு வைத்தேன். படுக்க எடுத்த மூன்றையும் நடுவில் போட்டு, மேலும் கீழும் அதே படத்தை மங்கலாக்கி நிரப்பினேன்.

சிக்கல் அவனுடைய அம்மாவின் துண்டில் வந்தது. இரவில், கூடத்தில் ஒற்றை டியூப் லைட் வெளிச்சத்தில், பேரன் எடுத்தது. சரியாக 60 விநாடி. தொடக்கத்தில் வாயும் குரலும் ஒத்துப்போயின. போகப் போக வாய் முந்தியது. கடைசியில் அம்மா வாயை மூடிவிட்டா, குரல் மட்டும் இன்னும் ஒரு விநாடி வந்துகொண்டிருந்தது.

முதலில், எல்லாரும் செய்வது போல, ஒலியைப் பிடித்து முன்னுக்கு இழுத்தேன். கடைசி சரியானது, தொடக்கம் கெட்டது. அப்போதுதான் விளங்கியது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு பிந்தினால் இழுத்துச் சரிசெய்யலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால் பிழை வேறிடத்தில். MediaInfo என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தேன். Frame rate mode என்ற இடத்தில் Variable என்று இருந்தது, சராசரி விநாடிக்கு 29.5 படம்.

வெளிச்சம் குறைந்தால் போன் கமரா ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால் விநாடிக்கு 30 படம் பிடிக்க வேண்டியது இடையிடையே குறையும். இந்தத் துண்டில் 1800 படத்துக்குப் பதில் 1770தான் இருந்தன. என் எடிட்டிங் மென்பொருளோ எல்லாம் 30 என்று எண்ணி ஓட்டியது. 1770 படம் 59 விநாடியில் தீர்ந்துவிடும். ஒலிக்கு இந்தச் சிக்கல் இல்லை, அது 60 விநாடியும் ஓடும். அந்த ஒரு விநாடிதான் அம்மாவின் மூடிய வாய். திருமணங்களை நாங்கள் சொந்தக் கமராவில் விநாடிக்குச் சீராக 25 படம் என்று எடுப்பதால், இத்தனை வருடத்தில் இது என் கண்ணில் பட்டதேயில்லை.

வழி சுலபம். வெட்டத் தொடங்கும் முன்பே கோப்பைச் சீரான வேகத்துக்கு மாற்ற வேண்டும். ffmpeg என்ற இலவச மென்பொருள், விடுபட்ட இடத்தில் முந்தைய படத்தையே இன்னொரு முறை வைத்து நேரத்தை நிரப்பிவிடும்:

```
ffmpeg -i amma.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 -c:a aac -ar 48000 amma_30.mp4
```

வெட்டிய பிறகு மாற்றினால் பயனில்லை, பிழை ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். அதனால் 19 துண்டையும் மாற்றிவிட்டு, முதலில் இருந்து தொடங்கினேன். ஒரு முழு இரவு.

தங்கச்சி "அம்மாவை வைச்சுத் திரும்ப எடுப்பமோ, அண்ணை?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இரண்டாம் முறை எடுத்தால் அம்மா பாடமாக்கி ஒப்பிப்பா. இதில் பேசி முடித்ததும் எப்படி நிறுத்துவது என்று தெரியாமல், பக்கத்தில் நின்ற பேரனைப் பார்த்து "காணுமோ?" என்று கேட்கிறா. திருமண வீடியோவில் இப்படி வந்தால் யோசிக்காமல் வெட்டியிருப்பேன். இதில் விட்டேன்.

பிறகு அந்தக் கூடத்து ஃபேன். கடகடவென்று ஒரு சத்தம், குரலுக்கு அடியில் தொடர்ந்து. இரைச்சல் நீக்கும் வசதியைக் கூட்டிப் பார்த்தேன். ஃபேன் போனது, ஆனால் அம்மாவின் குரல் தகரக் குழாய்க்குள் இருந்து வருவது போலானது. பாதிக்கும் குறைவாக இறக்கிவைத்தேன். சத்தம் கேட்கத்தான் செய்தது. மனசுக்குள் ஒரு குறைதான்.

ரொறன்ரோவில் நடுச்சாமம் என்றால் அந்த மாதத்தில் எங்களுக்குக் காலை 9.30. அந்த நேரத்துக்கு அனுப்பினேன், டொக்கியூமென்டாகத்தான். அரை மணி நேரம் கழித்து அவன் எடுத்தான். கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பிறகு, "டேய், அந்த ஃபேனை இன்னும் மாத்தேல்லையா?" என்றான்.