ப்ரோகால்சிடோனின் பார்த்து ஆன்டிபயாட்டிக்கை நிறுத்துவது: ஐசியு-வில் நடைமுறை எப்படி?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். செப்சிஸ் என்று சந்தேகம் வந்த நோயாளிக்கு ஆன்டிபயாட்டிக் தொடங்க ப்ரோகால்சிடோனின் (பிசிடி) ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. கிருமி பரவத் தொடங்கி மூன்று நான்கு மணி நேரம் ஆன பிறகே இது ரத்தத்தில் ஏறும். உச்சத்தைத் தொட ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். நோயின் தொடக்கத்திலேயே ரத்தம் எடுத்தால் 0.3 என்று வந்து ஆளை ஏமாற்றிவிடும். 2021ஆம் ஆண்டின் சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதலும் தொடங்குவதற்கு இதைச் சார்ந்திருக்க வேண்டாம் என்றே சொல்கிறது. நிறுத்தும் முடிவில்தான் இதற்கு உண்மையான வேலை.

காரணம் எளிது. தூண்டுதல் நின்றதும் ரத்தத்தில் உள்ள பிசிடி சுமார் ஒரு நாளில் பாதியாகும். அதனால் மருந்து வேலை செய்கிறதா என்பது அடுத்தடுத்த நாள் எண்களிலேயே தெரியும். சிஆர்பி தாமதமாக ஏறி, தாமதமாக இறங்கும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கிருமியே இல்லாமலும் பல நாள் உயர்ந்தே நிற்கும். பிரிட்டனில் 41 ஐசியு-க்களில் நடந்த அடாப்ட்-செப்சிஸ் ஆய்வில், பிசிடி பார்த்தவர்களுக்கு மருந்து சராசரியாக ஒரு நாள் குறைந்தது. சிஆர்பி பார்த்தவர்களுக்குக் குறையவில்லை.

நிறுத்தும் விதி நெதர்லாந்தின் சாப்ஸ் ஆய்வில் (2016) பயன்படுத்தப்பட்டது: உச்ச அளவிலிருந்து 80 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால், அல்லது 0.5 நானோகிராமுக்கு (ஒரு மில்லிலிட்டரில்) இறங்கினால், நிறுத்தலாமா என்று யோசி. அங்கே மருந்து கொடுத்த நாட்களின் இடைநிலை 7-லிருந்து 5 ஆனது, இறப்பு கூடவில்லை. அந்த விதியும் கட்டளை இல்லை, ஆலோசனைதான், மருத்துவர் மறுக்கலாம்.

விளக்கத்துக்காக ஒரு கணக்கு. அறுபது வயதுக்காரர், நிமோனியா, ரத்த அழுத்தம் இறங்கி ஐசியு-வில் சேர்க்கப்படுகிறார். உள்ளே வந்தபோது பிசிடி 18. மறுநாள் காலை 26. அடுத்த நாட்களில் 14, 8, பிறகு 4.6. இங்கே பலர் சறுக்குவது, சேர்க்கும்போது எடுத்த 18-ஐ உச்சமாக வைத்துக் கணக்குப் போடுவதில். அப்படிப் போட்டால் 3.6 வரை காத்திருக்க வேண்டும். உண்மையான உச்சம் 26. அதில் ஐந்தில் ஒரு பங்கு 5.2. ஆக 4.6 வந்த அன்றே எல்லையைத் தாண்டியாகிவிட்டது. இதனால்தான் இரண்டாம் நாள் ரத்தத்தைத் தவறவிடக் கூடாது. உச்சத்தைக் கேஸ் ஷீட்டில் வட்டம் போட்டு, பக்கத்திலேயே ஐந்தில் ஒரு பங்கையும் எழுதிவைத்தால் ரவுண்ட்ஸில் யாரும் மனக்கணக்குப் போட வேண்டியதில்லை.

எண் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் நிறுத்திவிட முடியாது. அழுத்தம் ஏற்றும் மருந்து குறைந்துகொண்டே வருகிறதா, ஆக்சிஜன் தேவை இறங்குகிறதா, கல்ச்சரில் என்ன வந்தது என்று பார்க்க வேண்டும். ரத்தத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்திருந்தாலோ, இதய வால்வில் அல்லது எலும்பில் தொற்று இருந்தாலோ இந்த விதி செல்லாது. அவற்றுக்கு வாரக்கணக்கில் மருந்து தேவை. பிசிடி சீக்கிரமே இறங்கினாலும் கிருமி உள்ளே இருக்கும்.

இனி, இறங்காத எண். அதே நோயாளிக்கு 26, 14, 8 என்று வந்து, பிறகு 7.8, 8.3 என்று நின்றுவிட்டால்? உடனே பெரிய ஆன்டிபயாட்டிக்குக்கு மாற்றத்தான் கை போகும். டென்மார்க்கில் பிசிடி உயர்ந்ததைப் பார்த்து மருந்தையும் பரிசோதனைகளையும் கூட்டிய ஆய்வில் (2011) உயிர் பிழைத்தவர்கள் கூடவில்லை. ஐசியு நாட்கள்தான் கூடின. முதலில் தேட வேண்டியது மருந்து எட்டாத சீழ். மார்பில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பாருங்கள். நுரையீரலைச் சுற்றிச் சீழ் தேங்கியிருந்தால் குழாய் போட்டு வடிக்க வேண்டும், அதற்குப் பிறகே எண் அசையும். மத்திய சிரைக் குழாயையும் சந்தேகியுங்கள். இன்னொரு பக்கம், சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இறக்கம் மெதுவாகவே இருக்கும், டயாலிசிஸில் இருப்பவருக்கு அடிப்படை அளவே உயர்ந்திருக்கும். பெரிய அறுவை சிகிச்சை, தீக்காயம், இதயம் நின்று மீண்டது, மூளையைத் தாக்கும் வகை மலேரியா (ஃபால்சிபாரம்) ஆகியவையும் பாக்டீரியா இல்லாமலே எண்ணை ஏற்றும். மலேரியா உள்ள ஊரில் பிசிடி 20 என்று வந்தால் ரத்தப்பூச்சு பார்க்காமல் பாக்டீரியா என்று முடிவு கட்டாதீர்கள்.

கடைசியாக லேப் விஷயம். வெவ்வேறு நிறுவனத்தின் கிட் வெவ்வேறு எண் காட்டும். வேறு ஆஸ்பத்திரியில் எடுத்த 26-ஐயும் இங்கே எடுத்த 6-ஐயும் வைத்து சதவீதம் போட்டால் அந்தக் கணக்குக்கு மதிப்பில்லை; இங்கே எடுத்த முதல் எண்ணிலிருந்தே தொடங்க வேண்டும். நிறம் பார்த்துச் சொல்லும் துரித அட்டைகள் ஒரு வரம்பை மட்டுமே தரும் என்பதால் 80 சதவீதக் கணக்குக்கு உதவாது.