நிலா எவ்வளவு நேரம் ஏறியது?

பாரதியின் ‘தீர்த்தக் கரையினிலே’ பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போன கண்ணம்மாவுக்காக ஒருவன் காத்து நிற்கிற பாட்டு. அதில் எத்தனை மணி, எவ்வளவு நேரம் என்று ஒரு சொல்கூட இல்லை. இருந்தும் இரவு நீண்டுகொண்டே போகிறது. எப்படி?

முதலில் ‘வெண்ணிலாவிலே’ வருவதாக அவள் சொன்ன வாக்கு. அங்கே நிலா வெறும் குறித்த நேரம், அவ்வளவுதான். அடுத்த கண்ணியில் அதே நிலா ‘வானிலிடத்தையெல்லாம் வந்து தழுவுது’. உலகம் தூக்கத்தில் மூழ்கிவிட்டது. நடுவில் கழிந்த நேரத்தைக் கவிஞர் சொல்லவே இல்லை, நிலாவை நகர்த்திவிட்டார்.

எங்கள் கன்னியாகுமரியில் இதைக் கண்ணாலேயே அளக்கலாம். பௌர்ணமி அன்று மேற்கே சூரியன் இறங்கும்போது கிழக்கே கடலிலிருந்து நிலா எழும். அது உச்சிக்கு வர ஏறக்குறைய நடுச்சாமம் ஆகிவிடும். பாட்டில் வருவதும் பௌர்ணமி என்று வைத்துக்கொண்டால், அந்த மனுஷன் சுமார் ஆறு மணி நேரம் நின்றிருக்கிறார், பாவம்!

‘தழுவுது’ என்ற சொல்லையும் பாருங்கள். அவனுக்குக் கிடைக்காதது வானத்துக்குக் கிடைக்கிறது. அதனால்தான் நிலா ஏற ஏற வயிற்றெரிச்சலும் கூடுகிறது.

வள்ளுவர் ‘ஒருநாள் எழுநாள்போல் செல்லும்’ என்று கணக்காகவே சொல்லிவிடுவார். அதுவும் அழகுதான். ஆனால் அதற்குப் பிறகு நிமிஷத்தை வருஷமாக்கி எழுதிய பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. சரி, நிலாவை நகர்த்திக் காட்டிய வேறு பாட்டு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் மக்களே.